ஈரக்குப்பை / காய்ஞ்ச குப்பை பிரிக்கிற மெஷின்: நாசி லெமாக் பொட்டலம் காய்ஞ்ச தொட்டியில போய் விழுது, என்னா செய்யலாம்?

லயத்துப்பையன்

வணக்கம் எல்லாருக்கும். பஹாவ் பக்கத்துல ஒரு தோட்டத்து தமிழ்ப்பள்ளி, அங்க ஆறாம் வகுப்பு பிள்ளைங்க புத்தாக்கப் போட்டிக்கு ஒரு குப்பை பிரிக்கிற மெஷின் செய்றாங்க, நான் ஒயரிங்கும் கோடிங்கும் சொல்லிக் குடுக்கிறேன். அமைப்பு ரொம்ப சிம்பிள் தான். மேல ஒரு வாய், அதுல போட்டா குப்பை 3 மில்லி அக்ரிலிக் தட்டுல விழும், ஐ.ஆர். சென்சார் ஏதோ விழுந்திருக்குன்னு பார்க்கும், தட்டுக்கு அடியில மெட்டல் சென்சார் (அந்த 12 மில்லி தடிமன் உள்ள நீல மூக்கு ஒன்னு விப்பாங்களே, 4 மில்லி தூரம் பார்க்கும்னு போட்டிருக்கும்), தட்டு மேல மண்ணுல குத்துற முள்ளு மாதிரி ரெண்டு கால் உள்ள ஈரம் பார்க்கிற சென்சார். கீழ மூணு அறை உள்ள தொட்டி சுத்தும், அப்புறம் சர்வோ தட்டை சாய்க்கும். அவ்ளோதான்.

பிள்ளைங்க கொண்டாந்த சாமான வச்சி பார்த்தப்ப எல்லாமே சரியா விழுந்துச்சி. நனைச்ச டிஷ்யூ, காய்ஞ்ச பேப்பர், ஸ்பூன், இதெல்லாம். ஆனா கேண்டீன்ல ரெஸ்ட் டைம்ல வச்சோம் பாருங்க, அங்கதான் பிரச்சினை. மூணு விஷயம் நடக்குது:

பாதி சாப்பிட்டு மடிச்சி போட்ட நாசி லெமாக் பொட்டலம் நேரா காய்ஞ்ச தொட்டிக்கு போகுது. சம்பல் ஒட்டின எதாச்சும் ஒன்னு விழுந்துட்டா அதுக்கு அப்புறம் வர்ற காய்ஞ்ச பேப்பரு பிளாஸ்டிக்கு எல்லாத்தையும் ஈரம்னு சொல்லுது. தகர டப்பா மூடிய டக்குன்னு பிடிக்குது, குளிர்பான கேனை சில நேரம் கண்டுக்கவே மாட்டேங்குது.

போட்டி ஃபார்ம்ல "துல்லியம் எத்தனை விழுக்காடு"ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்னா எழுதுறது? பிள்ளைங்க 95ன்னு எழுதலாம்னு சொல்றாங்க, எனக்கு மனசு ஒப்பல.

கோட்பிரியன்

ப்ரோ இது ஈஸி. அந்த ரெண்டு கால் சென்சார தூக்கிப் போடுங்க, அது ரெசிஸ்டிவ், பழைய டைப். கெப்பாசிட்டிவ் சென்சார் வாங்குங்க, கறுப்பா ஒரே பட்டையா இருக்கும், விலையும் பெருசா இல்ல, அது பிளாஸ்டிக் மேலயே ஈரத்த பார்க்கும். அப்புறம் கோட்ல எல்லைய கொஞ்சம் ஏத்தி இறக்கி செட் பண்ணுங்க. எல்லாப் பிரச்சினையும் முடிஞ்சிது, 95 தாராளமா எழுதலாம்.

மிளகாய்த்தோட்டம்

நானும் இதே ரெண்டு கால் சென்சார்தான் வீட்டு பின்னால மிளகாய் பையில குத்தி வச்சிருக்கேன், தண்ணி தானா விடுறதுக்கு. கொஞ்ச நாள்ல காலு ரெண்டும் பச்சை பூத்து ஒரு காலுல இருந்த பூச்சே காணாம போச்சி. இதுக்கு என்னா மருந்து? எத்தனை மணிக்கு ஒரு தடவ தண்ணி விடணும்?

ஆலைவயர்மேன்

தம்பி லயத்துப்பையன், நான் செம்பனை எண்ணெய் ஆலையில மெயின்டனன்ஸ், இந்த மெட்டல் சென்சார் வகையோடதான் தினமும் பொழப்பு. ஒவ்வொன்னா சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல கேன். அந்த மூக்குல போட்டிருக்கிற 4 மில்லி இரும்புக்கு சொன்னது, அதுவும் தட்டையான ஒரு இரும்புத் துண்டு நேரா முன்னால நின்னா. அலுமினியத்துக்கு அதே சென்சார் ஏறக்குறைய பாதிக்கும் கீழதான் பார்க்கும், ஒன்றரை ரெண்டு மில்லின்னு வச்சிக்குங்க. உங்க அக்ரிலிக்கே 3 மில்லி. அப்ப கேன் தட்டைத் தொட்டுக்கிட்டு கிடந்தாலும் சென்சாருக்கு அது தூரம்தான். கேன் உருண்டையா இருக்கிறதால தட்டை ஒரு கோடு மாதிரிதான் தொடும், கேன் தகடு மெல்லிசுங்கிறதால கொஞ்சம் கூடுதல் தூரத்துல தெரியும், அதனால அந்தக் கோடு மூக்குக்கு நேரா வந்தா பிடிக்கும், கொஞ்சம் தள்ளி உருண்டா போச்சி. "சில நேரம்"னு நீங்க சொன்னது இதுதான். இதுக்கு கோட்ல செய்ய ஒன்னும் இல்ல. 18 மில்லி தடிமன்ல 8 மில்லி பார்க்கிறது வாங்குங்க, தட்டுல ஓட்டை போட்டு மூக்க தட்டு மட்டத்துக்கே கொண்டாங்க. தட்டை V மாதிரி பள்ளமா மடிச்சிட்டா உருண்டைச் சாமான் எல்லாம் நடுவுலயே வந்து நிக்கும், அது பெரிய உதவி. இன்னொன்னு, சென்சாருக்கு 12 வோல்ட் குடுத்திருக்கீங்களா? போர்டுல இருந்து 5 வோல்ட் எடுத்து ஓட்டுறவங்க நெறைய பேர் இருக்காங்க, அது 6ல இருந்து 36 வோல்ட்டுக்கு செஞ்சது, 5ல ஓடுற மாதிரி தெரியும் ஆனா தூரம் குறைஞ்சிடும். 12 குடுத்தா அவுட்புட் ஒயர நேரா அர்டுயினோ காலுல மாட்டாதீங்க, மீட்டர் வச்சி பாருங்க, சிலதுல உள்ளயே ரெசிஸ்டர் இருக்கிறதால அந்த ஒயர்ல 12 வோல்ட் வந்து நிக்கும், போர்டு போயிடும். நடுவுல ஒரு ஆப்டோகப்ளர் வைங்க.

இப்ப சம்பல். அந்த ரெண்டு காலு சென்சார் தண்ணிய பார்க்கல, ரெண்டு காலுக்கு நடுவுல கரண்டு போகுதான்னு பார்க்குது. சம்பல்ல உப்பு இருக்கு, புளி இருக்கு, கரண்டு நல்லா போகும். அந்தக் குப்பை சாய்ஞ்சி போன பிறகும் ஒரு மெல்லிசுப் படலம் காலுல ஒட்டிக்கிட்டு நிக்குது, சென்சார் அடுத்த பேப்பர படிக்கல, போன சம்பலையே திருப்பிப் படிக்குது. உங்களுக்கு சந்தேகம்னா தட்டு காலியா இருக்கிறப்ப சீரியல் மானிட்டர்ல எண்ண பாருங்க. சுத்தமா துடைச்ச தட்டுல 1023 பக்கம் நிக்கும், ஒரு சம்பல் போன பிறகு காலித் தட்டுலயே 600, 500ன்னு இறங்கி இருக்கும். அதான் அடையாளம்.

கோட்பிரியன் சொன்னது பாதி சரி. கெப்பாசிட்டிவ் பட்டைக்கு காலு துருப்பிடிக்கிற தொல்லை இல்ல, மெல்லிசு பிளாஸ்டிக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிற தண்ணியையும் ஓரளவுக்கு உணரும், ஏன்னா தண்ணியோட மின்காப்பு மாறிலி 80 பக்கம், பேப்பரு பிளாஸ்டிக்கு எல்லாம் 2, 3, 4தான், வித்தியாசம் பெருசு. ஆனா அது பார்க்கிற ஆழம் சில மில்லிதான். பொட்டலத்துல வெளிய பழுப்புத் தாள், உள்ள பிளாஸ்டிக் பூச்சு, சில கடையில இன்னும் ஒரு வாழை இலை, மடிப்புக்கு நடுவுல காத்து. அந்தக் காத்து இடைவெளி ஒன்னே போதும், எண் அசையாது. அப்புறம் படலம் ஒட்டுற பிரச்சினை அதுக்கும் அப்படியேதான் இருக்கு, பட்டை மேல ஈரம் நின்னா அது ஈரம்னுதான் சொல்லும்.

மிளகாய்த்தோட்டம், உங்களுக்கு பதில் இதுலயே இருக்கு: எந்நேரமும் கரண்டு விட்டா காலு கரைஞ்சிடும், படிக்கிற நேரம் மட்டும் விடுங்க. சென்சார் போர்டோட பவர் ஒயர அர்டுயினோவோட 7வது காலுல மாட்டிட்டு இப்படி:

```
pinMode(7, OUTPUT);
digitalWrite(7, HIGH);
delay(50);
int v = analogRead(A0);
digitalWrite(7, LOW);
```

இல்லன்னா கெப்பாசிட்டிவ்க்கு மாறிடுங்க, மண்ணுக்கு அது நல்லாவே பொருந்தும். தண்ணி எத்தனை மணிக்குன்னு மிளகாய் வச்சவங்கதான் சொல்லணும்.

மிளகாய்த்தோட்டம்

நன்றி அண்ணே. செஞ்சி பார்க்கிறேன்.

பழைய இரும்பு

நான் ரொம்ப வருஷமா பழைய சாமான் எடுக்கிறேன். ஒரு கேள்வி, இந்த மெஷின் அலுமினியத்தையும் செம்பையும் தனித்தனியா பிரிக்குமா? ஏன்னா விலை ரெண்டுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது. தகரத்த நான் காந்தத்த வச்சே எடுத்துடுறேன், மிச்சம் இருக்கிற ஒயரு, கேனு, பித்தளைக் குழாய் இதுக்குதான் நேரம் போகுது. கேன உள்ளுக்குள்ள தண்ணியோட கொண்டாந்து எடை போடுறவங்களும் இருக்காங்க.

ஆலைவயர்மேன்

இந்த சென்சார் இருக்கு இல்லைன்னு மட்டும்தான் சொல்லும் அண்ணே, எந்த உலோகம்னு சொல்லாது. நீங்க காந்தம் வச்சி செய்றதே இதவிட ஒரு படி மேல.

கேண்டீன்அக்கா

தம்பிங்களா நான் வேற ஊர்ல ஒரு பள்ளிக்கூடத்துல கேண்டீன் எடுத்து நடத்துறேன். சென்சார் எனக்குத் தெரியாது, குப்பை தெரியும். ரெஸ்ட் டைம் முடிஞ்சி தொட்டிய திறந்தா என்னா இருக்கும்னு சொல்றேன். பாதிக்கு மேல பொட்டலம்தான், மீ ஆகட்டும் நாசி லெமாக் ஆகட்டும், எந்தப் பிள்ளையும் பிரிச்சி சோற தனியா தாள தனியா போடாது, சுருட்டி ரப்பர் பேண்ட மாட்டிதான் போடும். அடுத்தது ஐஸ் மிலோ பொங்குஸ், பிளாஸ்டிக் பையில ஸ்ட்ராவோட, பாதி குடிச்சி கட்டிப் போட்டிருக்கும். அப்புறம் அட்டைப் பெட்டி ட்ரிங்க், உள்ள கொஞ்சம் இருக்கும். டிஷ்யூ. சாக்லேட் பிஸ்கட் பெக்கெட்டு, உள்பக்கம் வெள்ளியா மின்னுமே அது. ஸ்பூனு கீனு எல்லாம் எவனும் குப்பையில போடுறது இல்ல, போட்டா நான் சத்தம் போடுவேன்.

நீங்க மெட்டலுக்கு இவ்ளோ கஷ்டப்படுறீங்க, எங்க தொட்டியில மெட்டல் ரொம்ப கம்மி. பொங்குஸுக்கு ஒரு வழி சொல்லுங்க முதல்ல.

கோட்பிரியன்

அந்த வெள்ளியா மின்னுற பெக்கெட்ட மெட்டல் சென்சார் பிடிக்கும் இல்ல? அது அலுமினியம்தானே.

ஆலைவயர்மேன்

பிஸ்கட் பெக்கெட்டுல இருக்கிறது பிளாஸ்டிக் மேல ஆவியா படிய வச்ச பூச்சு, அவ்ளோ மெல்லிசுல சென்சாருக்கு ஒன்னும் தெரியாது. காய்ஞ்ச தொட்டிக்கு போகும், அது சரிதான். அட்டைப் பெட்டி ட்ரிங்க் வேற, நீண்ட நாள் கெடாம இருக்கிற வகையில உள்ள உண்மையான அலுமினியத் தாள் இருக்கு. மூக்குக்கு ஒட்டினாப்புல கிடந்தா மெட்டல்னு சொல்லிடும். மெல்லிசுதானேன்னு நினைக்காதீங்க, சமையல் ஃபாயில் மாதிரி மெல்லிசு அலுமினியத்த இந்த சென்சார் தடிமனான அலுமினியத்தவிட நல்லாவே பிடிக்கும். அதனால 8 மில்லி சென்சாருக்கு மாறினா கேன் பிடிபடும், கூடவே ட்ரிங்க் பெட்டியும் மெட்டல் தொட்டிக்கு வர ஆரம்பிக்கும். ஒன்ன வாங்கினா இன்னொன்னும் கூட வரும், இத பிள்ளைங்க ரிப்போர்ட்ல எழுதட்டும்.

ஃபாயில்னு சொன்னதும் ஒரு விஷயம். ஃபாயில் ரெண்டு காலு மேல விழுந்தா கரண்டு நேரா போயிடும், ஈர சென்சார் "முழுக்க ஈரம்"னு சொல்லும். அதனால வரிசை முக்கியம், மெட்டல முதல்ல கேளுங்க:

```
if (metal)          bin = METAL;
else if (v < limit) bin = WET;
else                bin = DRY;
```

அக்கா சொன்னதுதான் இந்த இழையிலயே பெரிய விஷயம். அந்த வரிசையில பாருங்க, பொட்டலம் வெளிய காய்ஞ்சது உள்ள ஈரம். ஐஸ் மிலோ பை வெளிய வேர்த்து நனைஞ்சிருந்தா ஈரம்னு வரும், ஐஸ் கரைஞ்சி வெளிய காய்ஞ்சிட்டா காய்ஞ்சதுன்னு வரும். அலம்பின பிளாஸ்டிக் பாட்டில் உள்ள ஒன்னும் இல்லாம வெளிய நனைஞ்சி இருக்கும், ஈரத்துக்கு போகும். ஈர சென்சார் தோலைத்தான் பார்க்குது, நமக்கு வேண்டியது வயித்துக்குள்ள இருக்கு. எல்லைய எங்க வச்சாலும் இது மாறாது.

லயத்துப்பையன்

அண்ணே கேன் விஷயம் புரிஞ்சிது, 5 வோல்ட்லதான் ஓடுது, மாத்திடுறேன். அப்ப அந்த விழுக்காடு? என்னா எழுதுறது?

ஆலைவயர்மேன்

ஒரே எண்ணா எழுதாதீங்க. ஏன்னு ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன், இது கற்பனைக் கணக்கு, உங்க எண் வேற வரும்.

கேண்டீன் குப்பை 100 உருப்படின்னு வைங்க, 60 ஈரம், 30 காய்ஞ்சது, 10 மெட்டல். மெஷின் ஈரத்துல 51ஐ சரியா போடுது, 9ஐ காய்ஞ்சதுல போடுது. காய்ஞ்சதுல 24 சரி, 6 ஈரத்துக்கு போகுது. மெட்டல்ல 9 சரி, 1 காய்ஞ்சதுக்கு. கூட்டினா 84 சரி. "84 விழுக்காடு"ன்னு எழுதினா கேக்க நல்லா இருக்கும். இப்ப காய்ஞ்ச தொட்டிய திறந்து பாருங்க. 24 நல்ல பேப்பரு பிளாஸ்டிக்கு, 9 சோத்துப் பொட்டலம், 1 மெட்டல். மொத்தம் 34ல 24, அதாவது 71 விழுக்காடுதான் சுத்தம். அந்த 9 பொட்டலம் சும்மா ஓரமா உக்காந்திருக்காது, ஒழுகி கூட இருக்கிற பேப்பரையும் கெடுக்கும். ரீசைக்கிள் எடுக்கிறவர் அந்தப் பைய வாங்க மாட்டார்.

இப்ப எல்லைய ஈரத்துப் பக்கம் சாய்க்கிறோம், சந்தேகம்னா ஈரம்னு சொல்லுன்னு. ஈரம் 60ல 57 சரி, மிச்சம் 3 பொட்டலத்த எப்படியும் பிடிக்காது. ஆனா காய்ஞ்சதுல 19தான் சரி, 11 ஈரத்துக்கு போயிடுது. மெட்டல் அதே 9. கூட்டினா 85, முன்ன இருந்ததுக்கும் இதுக்கும் ஒன்னுதான் வித்தியாசம். ஆனா காய்ஞ்ச தொட்டியில இப்ப 23 உருப்படி, அதுல 19 நல்லது, 83 விழுக்காடு சுத்தம். மொத்த எண்ணு அசையவே இல்ல, தொட்டி மாறிடுச்சி. அதுக்கு நாம குடுத்த விலை 11 நல்ல பேப்பரு பிளாஸ்டிக்கு ஈரத்துல போய் வீணானது. எது தேவலன்னு நீங்க முடிவு பண்ணணும், என் கருத்து காய்ஞ்ச தொட்டி சுத்தமா இருக்கணும், அது கெட்டா பிரிச்சதுக்கே பலன் இல்ல.

சோதனையும் பிள்ளைங்க தேர்ந்தெடுத்த சாமான்ல செய்யக் கூடாது. ஒரு ரெஸ்ட் டைமோட குப்பைப் பைய அப்படியே எடுத்து, கையுறை போட்டு, மேல வர்ற வரிசையிலயே ஒன்னொன்னா போடுங்க. போடுறதுக்கு முன்னாலயே ஒருத்தர் அது என்னான்னு நோட்டுல எழுதணும், விழுந்த பிறகு எழுதினா மனசு மெஷின் பக்கம் சாயும். மூணு வரி மூணு கட்டம், வரியில உண்மையில என்னா குப்பை, கட்டத்துல எந்தத் தொட்டியில விழுந்துச்சி, அந்த அட்டவணையையே ஃபார்ம்ல ஒட்டுங்க. நடுவுல தட்டைத் துடைச்சா அதையும் எழுதுங்க, துடைச்சி துடைச்சி எடுத்த எண்ணும் துடைக்காம எடுத்த எண்ணும் வேற வேற.

கோட்பிரியன்

ஓகே அண்ணே ஒத்துக்கிறேன், அட்டவணை நல்ல ஐடியா. ஆனா பொட்டலத்துக்கு எடை போட்டா என்னா? உள்ள சோறு இருந்தா கனமா இருக்கும்ல. லோட் செல்லும் எச்எக்ஸ்711 போர்டும் சேர்த்தே விக்கிறாங்க.

ஆலைவயர்மேன்

இது நல்ல யோசனை, இத நான் ஏத்துக்கிறேன். காலி பிளாஸ்டிக் பாட்டில் 500 மில்லி ஒன்னு 20 கிராம் பக்கம் இல்ல அதுக்கும் கீழ, பெக்கெட்டு, கப்பு எல்லாம் அதவிட லேசு. பாதி பொட்டலம் சர்வ சாதாரணமா 100 கிராம் வரும், மிலோ பையும் அப்படித்தான். மெட்டல் இல்ல, ஆனா 50 கிராமுக்கு மேலன்னா ஈரத்துக்கு தள்ளுன்னு ஒரு வரி சேர்த்தா, வயித்துக்குள்ள இருக்கிறது ஓரளவுக்கு தெரியும். லேசான ஈர டிஷ்யூவ ஈர சென்சார் பார்த்துக்கும். ஒன்னு விட்டத இன்னொன்னு பிடிக்கும்.

ரெண்டு எச்சரிக்கை. தட்டு சர்வோவுல மாட்டியிருக்கு, லோட் செல்ல தட்டுக்கும் சர்வோவுக்கும் நடுவுல வச்சா சர்வோ நடுங்குறதெல்லாம் எடையா வரும், அதனால தட்டு சர்வோ எல்லாத்தையும் சேர்த்து ஒரு பலகையில மாட்டி அந்தப் பலகைக்கு அடியில லோட் செல் வைங்க. விழுந்த உடனே படிக்காதீங்க, எண் ஆடி நிக்க ஒரு வினாடி குடுங்க. ஒவ்வொரு தடவ தட்டு காலியானதும் திரும்ப சுழிக்கு கொண்டாங்க, சோறு ஒட்டி ஒட்டி எடை ஏறிக்கிட்டே போகும்.

கேண்டீன்அக்கா

எடை நல்ல வழிதான், ஆனா வருஷக் கடைசியில எக்சசைஸ் புக்க எல்லாம் கொண்டாந்து போடுவாங்க, அது கனமா இருக்குமே? அப்புறம் ரெண்டு மூணு வாய் மட்டும் மிச்சம் வச்ச பொட்டலம் லேசாத்தான் இருக்கும்.

ஆலைவயர்மேன்

புக்கு ஈரத்துக்குத்தான் போகும் அக்கா, அத மெஷின்ல போடாம தனியா கட்டி ரீசைக்கிள்ல குடுத்துடணும். ரெண்டு வாய் பொட்டலத்துக்கு என்கிட்ட பதில் இல்ல, அதான் அந்த 3.

பழைய இரும்பு

நெகிரி செம்பிலான்ல வீட்டுக்கு வீடு பிரிச்சி வைக்கணும்னு 2015 செப்டம்பர்ல இருந்தே சட்டம் இருக்கு, ரீசைக்கிள் லோரி வாரத்துக்கு ஒரு நாள் தனியா வரும். பள்ளிக்கூடத்துல மூணு தொட்டி வச்சி ஒரு பிள்ளைய பக்கத்துல நிறுத்தினா மெஷினே வேணாமே? பிள்ளை கண்ணு பொட்டலத்த தப்பா சொல்லாது.

லயத்துப்பையன்

அது உண்மைதான் அண்ணே, கையால பிரிக்கிறது இந்த மெஷினவிட நல்லா பிரிக்கும், அத மறுக்கல. பிள்ளைங்க சென்சார் கத்துக்கணும்னுதான் செய்றோம். உங்க யோசனையையும் சேர்த்துக்கிறேன், அதே குப்பைப் பைய பிள்ளைங்க கையால ஒரு தடவ, மெஷின்ல ஒரு தடவ பிரிக்கட்டும், ரெண்டு அட்டவணையும் பக்கத்துல பக்கத்துல வைப்போம்.

ஆலைவயர்மேன் அண்ணே, ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. பிள்ளைங்க ஒன்னொன்னா போட மாட்டாங்க, கப்பு டிஷ்யூ ஸ்ட்ரா எல்லாத்தையும் ஒரே பிடியா தள்ளுவாங்க. ரெண்டு சாமான் சேர்ந்து விழுந்தா என்னா பண்றது?

ஆலைவயர்மேன்

சென்சார்ல ஒன்னும் பண்ண முடியாது, வாயத்தான் சின்னதாக்கணும். ஒரு சாமான் மட்டும் நுழையிற அளவு, உள்ள ஒரு கதவு, தட்டு திரும்பி நேரா வர்ற வரைக்கும் அந்தக் கதவு பூட்டி இருக்கட்டும். 12 சென்டிமீட்டர் வட்டம் போதும்னு நினைக்கிறேன்.

கேண்டீன்அக்கா

மடிச்ச பொட்டலம் ஒன்ன இப்பதான் அடிக்கோல் வச்சி பார்த்தேன், அகலமே 13 பக்கம் வருது தம்பி. 12ல போகாது, பிள்ளைங்க கைய விட்டு அமுக்குவாங்க. கதவுல விரல் மாட்டாம பார்த்துக்குங்க.

லயத்துப்பையன்

அப்ப வட்டம் வேணாம், 16க்கு 8ல நீட்டு வாசலா வெட்டுறேன், கதவுக்கு இரும்புத் தகடு இல்லாம ரப்பர் பாய் மாதிரி மெத்துன்னு ஒன்னு. அட்டவணை வந்ததும் இங்கயே போடுறேன்.

ஆலைவயர்மேன்

போடுங்க. காலித் தட்டு எண்ணையும் ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால எழுதச் சொல்லுங்க, எத்தனையாவது சம்பலுக்கு அப்புறம் மெஷின் கெட்டுப் போகுதுன்னு அதுல இருந்தே தெரிஞ்சிடும்.